ஆற வைத்த இடத்தில் ஏறிய ஈரம்: யீஷூன் வீட்டுக் குழம்புத்தூள் கெட்டுப்போன கதை

பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டுப் பாட்டி. கோபமெல்லாம் இல்லை. "பாரும்மா, மேலாப்புல கட்டி கட்டியா இருக்கு, உடைச்சா சாக்கு வாடை வருது" என்று சொல்லி, அரைத்த அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். 250 கிராம் குழம்புத்தூள், அடைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஜிப்புக்குக் கீழே ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தூள் இறுகி, நடுவில் சாம்பல் நிறத்தில் மெல்லிய நூல் படர்ந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த தூள் மணலாகக் கொட்டியது, மணமும் போகவில்லை.

அதே புளோக்கில் நான்காவது மாடியில் இருக்கும் அக்கா அரைத்த தூள் அது. ஏழெட்டு மாதமாக அக்கம்பக்கத்தாருக்கு அரைத்துக் கொடுத்துவந்தார். நான் உணவுத் தொழிற்சாலை ஒன்றின் தரப் பிரிவில் வேலை பார்ப்பவன். "தம்பி, ஒரு எட்டு வந்து பாருங்க, என்ன தப்பு பண்ணேன்னு தெரியல" என்று கூப்பிட்டார். போனேன். அடுத்த சில மாதங்கள் நாங்கள் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூரில் வீட்டுக்காக அரைக்கிறவர்களும் இதே இடத்தில் தவறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த அரவை

மொத்தம் ஆறு கிலோ சாமான். மல்லி 3 கிலோ, மிளகாய் ஒன்றரை கிலோ, துவரம்பருப்பு 300 கிராம், கடலைப்பருப்பு 250, மஞ்சள் 250, சீரகம் 250, சோம்பு 200, மிளகு 200, வெந்தயம் 50. இதோடு 300 கிராம் பச்சைக் கறிவேப்பிலை. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, மூடி போட்ட எவர்சில்வர் டின்னில் எடுத்துக்கொண்டு தேக்கா பக்கம் உள்ள அரவை மில்லுக்குப் போயிருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு அரைத்தது. அரைத்த தூளை மில்காரர் எடை போட்டு 5.85 கிலோ என்று பில்லில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பில்லை அக்கா பத்திரமாக வைத்திருந்தார். அது இல்லையென்றால் பாதி உண்மை வெளியே வந்திருக்காது.

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, நியூட்டனில் மாறி, யீஷூன் வந்து சேர ஆறரை மணி. சமையல், பிள்ளைகள் எல்லாம் முடித்து இரவு பத்து மணிக்கு அடைக்க உட்கார்ந்திருக்கிறார். தூள் இன்னும் கதகதப்பாக இருந்தது. "கை பொறுக்கிற சூடுதான் தம்பி." ஒன்பது பாக்கெட் அடைத்ததும் தூக்கம் வந்துவிட்டது. அடைத்ததைப் படுக்கையறை டைல்ஸ் தரையில் அடுக்கிவிட்டார். மீதித் தூளை, ஊரில் அம்மா செய்வது போலவே, வரவேற்பறையில் செய்தித்தாள் விரித்து மெல்லிசாகப் பரப்பி, ஃபேனைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். காலை ஏழு மணிக்கு எழுந்து மீதி பதினான்கையும் அடைத்தார்.

இருபத்துமூன்றில் பதினெட்டு விற்றுவிட்டன. ஒவ்வொரு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினோம். பாக்கெட்டுக்கு 7 வெள்ளி வீதம் 126 வெள்ளியையும் அக்கா அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டார். வரிசை எண் எழுதும் பழக்கம் அவரிடம் இருந்ததால், எல்லாவற்றையும் மேசையில் அடுக்கியதும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கட்டி தட்டியவை 1 முதல் 9 வரை மட்டும். 10 முதல் 23 வரை ஒன்றில்கூடக் கட்டி இல்லை.

"அப்போ அந்தப் பதினாலும் நல்லாத்தானே இருக்கு?" என்று அக்கா கேட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

முதலில் சந்தேகப்பட்டது கறிவேப்பிலையை

பச்சைக் கறிவேப்பிலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். 300 கிராம் போட்டால் முழுக்கக் காய்ந்தபின் 105 கிராம் அளவில் நிற்க வேண்டும். அக்கா அதை எடை போடவில்லை, சருகு மாதிரி ஆனதும் இறக்கிவிட்டார். நரம்பும் காம்பும் ஈரமாக இருக்கும்போதே இலையின் ஓரம் நொறுங்கத் தொடங்கிவிடும், கையால் பார்த்தால் ஏமாற்றும். சரி, 150 கிராமிலேயே இறக்கியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாகப் போன தண்ணீர் 45 கிராம். ஆறு கிலோவில் அது முக்கால் சதவீதம்தான். அதனால் தீங்கு உண்டு, ஆனால் ஒன்பது பாக்கெட் மட்டும் கெட்டதற்கு அது காரணமாக முடியாது. ஒரே அரவை என்பதால் கறிவேப்பிலை எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே அளவில்தான் இருக்கிறது.

ஆக, மில்லிலிருந்து வெளியே வந்தபிறகுதான் ஏதோ நடந்திருக்கிறது.

பாட்டிலுக்குள் ஈரமானி

தூளில் எத்தனை சதவீதம் தண்ணீர் இருக்கிறது என்பதை ஓவனில் காயவைத்து எடை பார்த்துச் சொல்லலாம். ஆனால் மசாலாவில் தண்ணீரோடு வாசனை எண்ணெயும் ஆவியாகிப் போவதால் கணக்கு கூடிக் காட்டும். அதனால்தான் ஆய்வகங்களில் மசாலாவுக்கு வடித்துப் பிரிக்கும் முறையை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அது ஒத்துவராது. தவிர, பூஞ்சை பார்ப்பது சதவீதத்தை அல்ல. தூளில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு கட்டற்று இருக்கிறது, எவ்வளவு சுலபமாக ஆவியாக வெளியே வருகிறது என்பதைத்தான் அது பார்க்கும். அதை வீட்டிலேயே அளக்கலாம்.

சில வெள்ளிக்குக் கிடைக்கும் சிறிய எண்காட்டி ஈரமானி இரண்டு வாங்கினோம். விலை மலிவு என்பதால் அவற்றை அப்படியே நம்பக்கூடாது, முதலில் சரிபார்க்க வேண்டும். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்பி, நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு போலக் குழைத்து, ஈரமானியோடு சேர்த்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்து இறுக மூடினோம். உப்பு முழுதும் கரைந்துவிடக்கூடாது, ஈரமணலாக இருக்க வேண்டும். அந்தப் பாட்டிலுக்குள் காற்றின் ஈரப்பதம் எப்போதும் 75 சதவீதத்தில்தான் நிற்கும், அது உப்பின் குணம். மறுநாள் காலையில் ஒன்று 71 காட்டியது, மற்றது 78. முதலாவதற்குக் கூட்டு 4, இரண்டாவதற்குக் கழி 3 என்று டேப்பில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிட்டோம்.

பிறகு தூள். சுத்தமான, உலர்ந்த பாட்டிலில் பாதி அளவுக்குத் தூளைக் கொட்டி, மேலே ஒரு சின்னக் கிண்ணியில் ஈரமானியை வைத்து இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் முழுக்க விட்டோம். தூளும் உள்ளே இருக்கும் காற்றும் சமநிலைக்கு வந்ததும் ஈரமானி காட்டும் எண் தூளின் நிலையைச் சொல்லிவிடும். 60க்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு வழியில்லை. 65ஐத் தாண்டினால் அடைக்கவே கூடாது. 70க்கு மேல் போனால் பூஞ்சை வரும், எத்தனை வாரத்தில் என்பதுதான் கேள்வி.

கட்டி தட்டிய பாக்கெட்டின் மேற்பரப்புத் தூள் 79. அதே பாக்கெட்டின் அடிப்பகுதித் தூள் 58. நல்லதாகத் தெரிந்த 10 முதல் 23 வரையிலான பாக்கெட்டில் எங்கே எடுத்தாலும் 71.

அக்கா அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கெட்டுப்போன பாக்கெட்டின் பெரும்பகுதித் தூள் நன்றாக இருந்தது. நல்ல பாக்கெட்டுகள் என்று ஒதுக்கி வைத்தவைதான் அடி முதல் நுனி வரை நமத்திருந்தன. இன்னும் சில வாரம் போயிருந்தால் அவையும் பூத்திருக்கும்.

இரண்டும் வெவ்வேறு தவறுகள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சூட்டோடு அடைத்தது

இதை மறுபடி செய்து பார்த்தோம். புதிதாக அரைத்த தூளை அதே டின்னில், அதே நேரக் கணக்கில் வைத்திருந்து இரவு பத்து மணிக்குச் சமையல் தெர்மாமீட்டரை விட்டோம். ஓரத்தில் 36 டிகிரி, மையத்தில் 47. தூள் சூட்டை எளிதில் விடாது, ஆறு கிலோ குவியலாக இருந்தால் நடுவில் மணிக்கணக்கில் தங்கும். கை படுவது ஓரத்தில்தான், அதனால்தான் "பொறுக்கிற சூடு" என்று தோன்றுகிறது.

அந்த நடுத்தூளை, கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஒளி புகும் பாக்கெட்டில் அடைத்து, ஏர்கான் ஓடும் அறையில் தரையில் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் ஜிப்புக்குக் கீழே, தூள் இல்லாத காலி இடத்தில் பாக்கெட்டின் உட்புறம் மூச்சுவிட்ட கண்ணாடி போல மங்கியது. இன்னும் சற்று நேரத்தில் ஊசிமுனை அளவில் துளிகள். விரலால் சுண்டியதும் துளிகள் தூளின் மேல் விழுந்து, விழுந்த இடமெல்லாம் கருஞ்சிவப்பாகப் புள்ளி வைத்தது.

நடந்தது இதுதான். 47 டிகிரியில் காற்று தாங்கக்கூடிய நீராவி, 25 டிகிரியில் தாங்குவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். நன்றாகக் காய்ந்த தூளாக இருந்தாலும் சூட்டில் கொஞ்சம் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த பாக்கெட் சுவரில் அது பட்டதும் தண்ணீராகிவிடும். தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. தூளுக்குள் பரவலாக இருந்ததே ஒரு மூலையில் சேர்ந்துகொண்டது. சராசரி எடுத்தால் தூள் காய்ந்தது, மேல் விரற்கடை மட்டும் ஈரம். பூஞ்சைக்கு அந்த விரற்கடை போதும்.

ஆற வைத்தது

சூட்டோடு அடைத்தது தப்பு என்றால், பரப்பி ஆற வைத்தது எப்படித் தப்பாகும்? அக்காவுக்கு இதுதான் தாங்கவில்லை. "எங்க அம்மா அம்பது வருஷம் இப்படித்தான் செஞ்சாங்க" என்றார். அம்மா செய்தது சரிதான். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயவைத்து, அரைத்து வந்து, கூடத்தில் பரப்பினால் அங்கே காற்று காய்ந்து கிடக்கும். தூளுக்கு அது எதையும் கொடுக்காது.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 சதவீதத்துக்கு மேல். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும், விடியலுக்கு முன் 90ஐத் தாண்டும். அக்கா தூளைப் பரப்பியிருந்தது இரவு பத்து முதல் காலை ஏழு வரை, அதாவது ஒரு நாளின் மிக ஈரமான ஒன்பது மணி நேரம். ஃபேன் அந்த ஈரக்காற்றை ஓயாமல் தூளின் மேல் கொண்டுவந்து கொட்டியது. எவ்வளவு மெல்லிசாகப் பரப்புகிறோமோ அவ்வளவு சீக்கிரம் குடிக்கும்.

பில் இங்கேதான் கைகொடுத்தது. மில்லில் 5.85 கிலோ. இரவு அடைத்த ஒன்பது பாக்கெட் 2.25 கிலோ. மீதி 3.60 இருக்க வேண்டும். காலையில் அடைத்தது பதினான்கு பாக்கெட், அதாவது மூன்றரை கிலோ. அதற்கு மேலும் 200 கிராம் மிஞ்சி, வீட்டு டப்பாவில் போட்டதாக அக்கா நோட்டில் எழுதியிருந்தார். ஆகமொத்தம் 3.70. ராத்திரியில் 100 கிராம் கூடியிருக்கிறது. மில் தராசு தப்பு என்று அப்போது நினைத்துக்கொண்டாராம். தராசு தப்பில்லை, அந்த 100 கிராம் காற்றிலிருந்து வந்த தண்ணீர். எட்டு சதவீதம் ஈரத்தோடு நன்றாக இருந்த தூள் ஏறக்குறைய பத்தரைக்குப் போயிருக்கும் என்பது என் கணக்கு. மிளகாய்த்தூளுக்கு இந்திய உணவுத் தரம் வைத்திருக்கும் உச்ச வரம்பே 11 தான்.

இருபத்துமூன்றையும் குப்பையில் போட்டோம். மறுபடி வறுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு: ஈரம் போகும், பூஞ்சையும் சாகும், ஆனால் அது விட்டுவைத்த நச்சு சட்டிச் சூட்டில் அழியாது. கட்டியை மட்டும் எடுத்துப்போட்டு மீதியைப் பயன்படுத்துவதும் வேண்டாம். நூல் தெரிவது ஓரிடத்தில் என்றாலும், தூளில் அது எதுவரை போயிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

அடுத்த அரவை

அதே சாமான், அதே அளவு. கறிவேப்பிலையை மட்டும் தராசில் வைத்து 110 கிராமுக்கு வரும்வரை ஓவனில் குறைந்த சூட்டில் விட்டோம். முன்பு செய்ததைவிட முக்கால் மணி நேரம் கூடப் பிடித்தது. மில்லில் ஒரே ஓட்டில் நைஸாக அரைக்காமல், முதலில் கொரகொரப்பாக ஓட்டி, சற்று விட்டு இரண்டாவது ஓட்டு ஓட்டச் சொன்னோம். தூள் அவ்வளவு சூடாக வரவில்லை, மணமும் நின்றது. கூட்டமில்லாத நாளில் போனால் மில்காரர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

ஆற வைப்பதற்குச் சின்ன அறையைக் காலி செய்து துடைத்து, ஏர்கானை ஈரம் உறிஞ்சும் நிலையில் வைத்து ஒரு மணி நேரம் முன்பே ஓடவிட்டோம். அறை ஈரமானி 54க்கு இறங்கிய பிறகுதான் டின்னைத் திறந்தோம். எவர்சில்வர் தட்டுகளில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே மல்துணி போட்டு, கால் மணிக்கு ஒருமுறை கிளறிக் கொடுத்தோம். நாற்பது நிமிடத்தில் தூளின் சூடு அறைச் சூட்டுக்கு இரண்டு டிகிரி பக்கத்தில் வந்துவிட்டது. உடனே, அதே அறையிலேயே அடைத்தோம். ஆறிய பிறகு அரை மணி நேரம் சும்மா கிடக்க விட்டால்கூட இழப்புதான்.

உள்பக்கம் அலுமினியத் தாள் வைத்த பாக்கெட்டுக்கு மாறினோம். ஜிப் இருக்கிறதே என்று நம்பக்கூடாது. ஜிப் என்பது வாங்கியவர் திறந்து மூடுவதற்கு மட்டும், அதற்கு மேலே சூட்டு முத்திரை போட வேண்டும். முத்திரை விழும் இடத்தில் தூள் ஒட்டியிருந்தால் அங்கே மயிரிழை ஓட்டை விழும். அகலவாய்ப் புனல் வைத்துக் கொட்டி, வாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டினோம். பத்தில் ஒன்றைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம்.

ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் போட்டால் என்ன என்று அக்கா கேட்டார். 250 கிராம் தூளில் இரண்டு சதவீதம் அதிக ஈரம் என்றால் அது 5 கிராம் தண்ணீர். அதைக் குடிக்க 20 கிராம் அளவுக்கு உறிஞ்சி வேண்டும், கடையில் வரும் பொட்டலமோ ஒன்றிரண்டு கிராம். காய்ந்த தூளைக் காய்ந்தபடி வைத்திருக்க அது கொஞ்சம் உதவும், நமத்த தூளை மீட்காது.

மில்லில் 5.84 கிலோ. அடைத்தது இருபத்துமூன்று பாக்கெட், மிச்சம் 80 கிராம், ஆக 5.83. இந்த ஒரு கூட்டலை ஒவ்வொரு அரவைக்கும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். எடை கூடினால், அன்று அடைத்ததை வெளியே கொடுக்கக்கூடாது. பாட்டில் சோதனையில் இந்தத் தூள் 55 காட்டியது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. அது இனிமேல் பூஞ்சை வருமா என்பதை மட்டும்தான் சொல்லும். மிளகாய் வாங்கும்போதே பூத்திருந்ததா, மல்லியில் கிருமி ஒட்டியிருந்ததா என்பதெல்லாம் அதில் தெரியாது. காய்ந்த தூளில் சால்மொனெல்லா வளராவிட்டாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். அதனால் இது கொதிக்கவைக்கும் குழம்புக்கான தூள், தயிரில் நேராகத் தூவுவதற்கு அல்ல என்று பாக்கெட்டிலேயே எழுதச் சொன்னேன். மிளகாயை மூட்டையிலிருந்து அள்ளும்போது நாலைந்தைக் காம்பு கிள்ளிப் பிளந்து உள்ளே பார்ப்பதும் இப்போது அக்காவுக்குப் பழக்கமாகிவிட்டது. வெளியே பளபளப்பாக இருக்கும் மிளகாய்க்குள் விதையைச் சுற்றிக் கறுத்திருப்பது உண்டு. அக்கா அரைக்கும் சாம்பார்ப் பொடியில் பெருங்காயத்தூள் சேர்ப்பதால், அதில் கோதுமை மாவு கலந்திருப்பதையும் லேபிளில் போடச் சொன்னேன். கோதுமை ஆகாதவர்கள் இருக்கிறார்கள்.

புளோக்கின் கீழே மினிமார்ட் வைத்திருக்கும் அண்ணன் வாரம் இருபது பாக்கெட் கேட்டார். அக்காவுக்கு ஆசைதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் செய்வதைச் சாப்பிடுகிறவருக்கு நேராக விற்கலாம், கடைக்குக் கொடுப்பதானால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் பெற்ற இடத்தில் செய்திருக்க வேண்டும். மில்லுக்கு உரிமம் இருந்தாலும், சின்ன அறையில் ஆற வைத்து அடைத்தது அந்த உரிமத்துக்குள் வராது. ஆற வைப்பதும் அடைப்பதும் அவர் வீட்டில் நடக்கும்வரை மினிமார்ட்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

புதிய அரவை கைக்குப் போன நாலாவது வாரத்தில் ஒரு பாக்கெட் மறுபடி கட்டியோடு வந்தது. அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. அதே அரவையில் வெளியே கொடுக்காமல் எடுத்து வைத்திருந்த சாட்சிப் பாக்கெட்டைப் பிரித்தோம், மணலாகக் கொட்டியது. வாங்கியவர் வீட்டு அடுப்படியில் நின்று, எப்படி எடுக்கிறீர்கள் என்று காட்டச் சொன்னேன். கொதிக்கும் சட்டிக்கு நேர்மேலே பாக்கெட்டைப் பிடித்து, ஈரக் கரண்டியால் அள்ளினார். சட்டியின் ஆவி நேராகப் பாக்கெட்டுக்குள் போயிற்று. வேறு டப்பாவுக்கு மாற்றி, அடுப்புக்கு எட்டத்தில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுக்கும்படி ஒரு துண்டுச்சீட்டை அடுத்த அரவையிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டோடும் அக்கா வைக்கிறார்.

ஒவ்வொரு அரவையிலும் ஒரு பாட்டில் தூள், ஈரமானியோடு, அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்த இரண்டாவது அரவைக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு பன்னிரண்டு வாரம். எண் 56.